திரையில் தெரியாத முனைகள்: பல்லுறுப்புக்கோவையின் போக்கை முதன்மை உறுப்பில் படிப்பது எப்படி

பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியில் முதலாமாண்டு. ஒரு நாள் மாலை ஃபோனை நீட்டினான். வரைபடம் போடும் செயலி ஒன்றில் x³ − 50x² என்று தட்டியிருந்தான். திரையில் ஒரு மெல்லிய வளைவு. கவிழ்த்து வைத்த கொண்டை ஊசி மாதிரி, இரண்டு காலும் நேராகக் கீழே இறங்கின.

"மாமா, மூணாம் படின்னா ஒரு முனை மேல, ஒரு முனை கீழன்னு சொன்னீங்க. இங்க ரெண்டும் கீழதானே போகுது?"

நல்ல கேள்வி. திரையும் பொய் சொல்லவில்லை, நான் சொன்னதும் தப்பில்லை. அந்தச் செயலி தானாகவே x-ஐ −10 முதல் 10 வரை, y-ஐயும் −10 முதல் 10 வரை காட்டும். அந்தச் சின்ன ஜன்னலுக்குள் நமக்குத் தெரிவது கோவையின் நடுப்பகுதி மட்டும். முனை என்று நாம் சொல்வது அதற்கு எவ்வளவோ அப்பால் இருக்கிறது. அவனுக்கு அன்று சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். x³ − 50x² என்ற கோவையில் x³ ஓர் உறுப்பு, −50x² இன்னோர் உறுப்பு. உறுப்புகளில் x-இன் அடுக்கு எதில் மிக அதிகமோ, அந்த அடுக்குதான் கோவையின் படி. இங்கே படி 3. அந்த அதிகபட்ச அடுக்கைத் தாங்கி நிற்பது முதன்மை உறுப்பு. சில பாடநூல்களில் தலையாய உறுப்பு என்றும் இருக்கும். அதன் முன்னால் நிற்கும் எண் முதன்மைக் கெழு. x³-க்கு முன்னால் எதுவும் எழுதவில்லை என்றால் கெழு 1. முனைப் போக்கு என்றால், x வலப்பக்கம் எல்லையில்லாமல் போகும்போதும் இடப்பக்கம் எல்லையில்லாமல் போகும்போதும் வளைவு மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்பது. இவ்வளவுதான் சொற்கள்.

ஏன் மற்ற உறுப்புகள் தோற்கின்றன

விதியை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். எண்களை உள்ளே போட்டுப் பார்த்தாலே போதும்.

x = 10 என்று வையுங்கள். x³ என்பது 1,000. 50x² என்பது 5,000. கழித்தால் −4,000. பையனின் திரையில் வலது கால் கீழே இறங்கியதற்குக் காரணம் இதுதான்: அந்த இடத்தில் 50x² தான் பெரியது, x³ அதன் பக்கத்தில் சின்னப் பிள்ளை. x = 50 ஆகும்போது இரண்டும் சமம், 1,25,000 கழித்தல் 1,25,000, விடை பூச்சியம். x = 100-இல் 10 லட்சம் கழித்தல் 5 லட்சம்; மீதி மிகை 5 லட்சம். x = 1,000-இல் 100 கோடி கழித்தல் 5 கோடி; மீதி 95 கோடி.

100 கோடியில் 5 கோடி போனால் போகட்டும் என்று சொல்லலாம். x = 10-இல் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே கையில் இருந்ததே 1,000, பிடித்தது 5,000. பிடித்தம் செய்யும் எண்ணிக்கையும் வளர்ந்துகொண்டேதான் போகிறது. 5,000, 5 லட்சம், 5 கோடி என்று. ஆனால் x³ அதைவிட வேகமாக வளர்கிறது. எவ்வளவு வேகமாக என்றால், x³ என்பது x மடங்கு x². அதாவது x = 1,000 என்ற இடத்தில் x³, x²-ஐப் போல 1,000 மடங்கு. எதிரே நிற்கும் 50 எப்போதும் 50-தான். கெழு நின்ற இடத்திலேயே நிற்கும். x நடந்துகொண்டே இருக்கும். நடக்கிறவர் நிற்கிறவரை ஒருநாள் தாண்டித்தான் ஆக வேண்டும்.

கெழு 50-க்குப் பதில் 10 லட்சம் என்று வைத்தாலும் இதே கதைதான். x³ − 10,00,000x² என்பது x = 10 லட்சம் வரை குறை எண்ணாகவே கிடக்கும், அதைத் தாண்டியதும் மிகையாகிவிடும். பெரிய கெழுவால் முடிவைத் தள்ளிப்போட முடியும், மாற்ற முடியாது. முனையை முதன்மை உறுப்புதான் தீர்மானிக்கிறது என்று சொல்வதன் பொருள் இதுதான்.

இதையே ஒரே வரியில் எழுதலாம். முதன்மை உறுப்பை வெளியே எடுத்துவிடுங்கள்:

```
x³ − 50x² = x³ (1 − 50/x)
```

அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் கவனியுங்கள். x = 10-இல் அது −4. x = 100-இல் 0.5. x = 1,000-இல் 0.95. x = 10,000-இல் 0.995. போகப்போக 1-ஐ நெருங்குகிறது. இடப்பக்கமும் அப்படியே: x = −1,000 என்றால் 1.05. அடைப்புக்குறி 1-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் குறியை மாற்றும் சக்தி அதற்குக் கிடையாது. பிறகு வெளியே நிற்கும் x³ என்ன குறியோ அதுதான் மொத்தக் கோவையின் குறி.

எந்தப் பல்லுறுப்புக்கோவையிலும் இதைச் செய்யலாம். முதன்மை உறுப்பை வெளியே எடுத்தால் உள்ளே 1-உம், அதோடு "ஏதோ ஓர் எண் வகுத்தல் x", "ஏதோ ஓர் எண் வகுத்தல் x²" என்ற வகையான துண்டுகளும்தான் மிஞ்சும். எல்லாத் துண்டுகளின் பகுதியிலும் x இருப்பதால், x பெருகப் பெருக அவை தேய்ந்து போகும். நிரூபணம் என்று கேட்டால் இதுதான்.

முதல் கட்டம்: உண்மையான முதன்மை உறுப்பைக் கண்டுபிடியுங்கள்

முதலில் எழுதியிருப்பது முதன்மை உறுப்பு என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. பெயரே அப்படி ஏமாற்றுகிறது. 30x³ − 400 + 7x − 2x⁴ என்று கொடுத்தால் பாதிப் பேர் 30x³ என்று எழுதிவிடுகிறார்கள். அடுக்கு அதிகமாக இருப்பது கடைசியில் நிற்கும் −2x⁴. அதனால் முதலில் இறங்குவரிசையில் எழுதிக்கொள்ளுங்கள்: −2x⁴ + 30x³ + 7x − 400. அப்புறம் முன்னால் நிற்பதைப் பாருங்கள். மைனஸையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சில சமயம் பெரிய அடுக்கு கண்ணுக்குத் தெரியும், ஆனால் உண்மையில் இருக்காது. (x + 1)³ − x³ என்பதைப் பார்த்ததும் மூன்றாம் படி என்று தோன்றும். விரித்தால் x³-உம் x³-உம் அடிபட்டு 3x² + 3x + 1 மிஞ்சும். படி 2. இரண்டு முனையும் மேலே. கழித்தல் குறியோடு பெரிய அடுக்குகள் எதிரெதிராக நின்றால் சுருக்காமல் பதில் சொல்லாதீர்கள்.

பெருக்கலாக இருந்தால் மட்டும் விரிக்கவே வேண்டாம். இது நேரம் மிச்சப்படுத்தும் இடம். உதாரணமாக:

```
(3 − x)² (2x + 1) (1 − 4x)
```

ஒவ்வோர் அடைப்பிலிருந்தும் x உள்ள உறுப்பை மட்டும் எடுங்கள். முதல் அடைப்பில் −x, ஆனால் அது வர்க்கத்துக்குள் இருக்கிறது, ஆகவே (−x)², அதாவது x². இரண்டாவதில் 2x. மூன்றாவதில் −4x. பெருக்கினால் x² × 2x × (−4x) = −8x⁴. முடிந்தது. வர்க்கத்துக்குள் இருந்த மைனஸை வெளியே கொண்டுவந்து −x² என்று எழுதினால் விடை +8x⁴ ஆகி, முனைகள் தலைகீழாகிவிடும். இங்கே தடுமாறுகிறவர்கள் நிறைய.

சந்தேகம் இருந்தால் x = 10 போட்டுச் சரிபாருங்கள்: 49 × 21 × (−39) = −40,131. x = −10 போட்டால் 169 × (−19) × 41 = −1,31,651. இரண்டும் குறை. −8x⁴ சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆனால் 10 என்பது எல்லாக் கோவைக்கும் போதுமான தூரம் இல்லை. பையன் மாட்டிக்கொண்டதே அதில்தான். எவ்வளவு தூரம் போனால் போதும் என்று கீழே வருகிறது.

இரண்டாம் கட்டம்: இரண்டே கேள்வி

முதன்மை உறுப்பு கையில் வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். கெழு மிகையா, குறையா? படி இரட்டை எண்ணா, ஒற்றை எண்ணா?

கெழு வலது முனையைச் சொல்லிவிடும். வலப்பக்கம் x மிகை எண், அதை எத்தனை முறை பெருக்கினாலும் மிகைதான். ஆகவே குறியை முடிவுசெய்வது கெழு மட்டும்: மிகை என்றால் வலது முனை மேலே, குறை என்றால் கீழே. இதில் படிக்கு வேலையே இல்லை.

படி இடது முனையைச் சொல்லும். இடப்பக்கம் x குறை எண். குறை எண்ணை இரட்டை எண்ணிக்கையில் பெருக்கினால் மைனஸ்கள் ஜோடி ஜோடியாக அடிபட்டு மிகை ஆகிவிடும். ஒற்றை எண்ணிக்கையில் பெருக்கினால் ஒரு மைனஸ் ஜோடியில்லாமல் மிஞ்சும். எனவே படி இரட்டை என்றால் இடது முனை வலது முனை போன பக்கமே போகும். ஒற்றை என்றால் எதிர்ப்பக்கம் போகும்.

நான்கு வகைப் படங்களையும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தேர்வு அறையில் அதுதான் முதலில் மறக்கும். "வலதைக் கெழு சொல்லும், இடதைப் படி சொல்லும்" என்ற வரிசையில் யோசித்தால் அட்டவணை தேவையில்லை. மறந்துபோனாலும் x²-உம் x³-உம் எப்படி இருக்கும் என்று மனத்தில் வரைந்து பார்த்தால் போதும். x² கிண்ணம் மாதிரி, இரண்டு பக்கமும் மேலே. x³ இடது கீழிருந்து வலது மேலே. இரட்டைப் படி எல்லாம் முனைகளில் x² மாதிரி, ஒற்றைப் படி எல்லாம் x³ மாதிரி. கெழு குறை என்றால் படத்தைக் கவிழ்த்துவிடுங்கள்.

x³ − 50x²-க்குத் திரும்புவோம். கெழு 1, மிகை, வலது மேலே. படி 3, ஒற்றை; இடது எதிர்ப்பக்கம், அதாவது கீழே. −2x⁴ + 30x³ + 7x − 400-இல் கெழு −2, வலது கீழே. படி 4; இடதும் கீழே. முன்னால் பார்த்த −8x⁴-உம் அப்படியே.

மூன்றாம் கட்டம்: எவ்வளவு தூரம் போனால் நம்பலாம்

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. "x மிகப் பெரியதாகும்போது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மிகப் பெரியது என்றால் 20-ஆ, 20,000-ஆ? கணக்குப் போடத் தெரிந்தவருக்கு அதற்கும் ஓர் எண் வேண்டும் இல்லையா?

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. முதன்மை உறுப்பைத் தவிர மற்ற எல்லாக் கெழுக்களையும் குறி பார்க்காமல் கூட்டுங்கள். அதை முதன்மைக் கெழுவால், அதையும் குறி பார்க்காமல், வகுங்கள். வரும் எண் 1-ஐவிடச் சின்னதாக இருந்தால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தாண்டிவிட்டால், வலப்பக்கமானாலும் இடப்பக்கமானாலும், கோவையின் குறி முதன்மை உறுப்பின் குறிதான். அதற்கப்பால் வளைவு x அச்சைத் தொடாது.

காரணம் நேரடியானது. x-இன் அளவு 1-ஐத் தாண்டியதும் கீழ் அடுக்குகள் எல்லாமே படிக்கு ஒன்று குறைவான அடுக்குக்குள் அடங்கிவிடும். நான்காம் படிக் கோவை என்றால் x², x, மாறிலி எதுவுமே x³-இன் அளவைத் தாண்டாது. ஆக எல்லாக் கீழ் உறுப்புகளும் ஒன்று சேர்ந்து எதிர்த்தாலும் அவற்றின் பலம் "கெழுக்களின் கூட்டுத்தொகை × x³" தான். அதை −2x⁴ வெல்வதற்கு, 2 × x அந்தக் கூட்டுத்தொகையைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

நம் கோவைக்குப் போட்டுப் பார்ப்போம். 30 + 7 + 400 = 437. 2-ஆல் வகுத்தால் 218.5. ஆக x = 218.5-க்கு அப்பால் கோவை கட்டாயம் குறை, −218.5-க்கு இடப்பக்கமும் கட்டாயம் குறை. உண்மையில் இது எப்போது மாறுகிறது? x = 14-இல் −76,832 + 82,320 + 98 − 400 = 5,186, மிகை. x = 15-இல் முதல் இரண்டும் அடிபட்டு 105 − 400 = −295, குறை. அதற்குப் பிறகு குறைதான். அதாவது 15-க்குள்ளேயே விஷயம் முடிந்துவிட்டது. நம் விதியோ 218.5 என்று தாராளமாகச் சொன்னது. பரவாயில்லை. இந்த எண் தேவைக்கு மேல் தள்ளிச் சொல்லும், குறைத்துச் சொல்லாது. அதனால்தான் நம்பலாம். x³ − 50x²-க்கு இதே கணக்கு 50 என்று கொடுக்கிறது. அங்கே இம்மி பிசகாமல் சரியான எண். இதேபோல வேறு வரம்புகளும் உண்டு. பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1829-இல் கொடுத்தது அவற்றில் பிரபலம். கைக்கணக்குக்கு நான் சொன்னதே போதும்.

இந்த எண்ணை வைத்துத் திரையையும் சரிசெய்யலாம். பையனிடம் x-ஐ −200 முதல் 200 வரை வைக்கச் சொன்னேன். வைத்தான், திரையில் செங்குத்தாக ஒரு கோடு தவிர எதுவும் இல்லை. y இன்னும் −10 முதல் 10-இலேயே இருந்தது. x = 200-இல் மதிப்பு 60 லட்சம், x = −200-இல் மைனஸ் 1 கோடி. y-ஐ −1 கோடி முதல் 1 கோடி வரை விரித்ததும் படம் வந்தது: இடது கீழிருந்து ஏறி, நடுவில் கொஞ்ச தூரம் படுத்து, வலது பக்கம் மேலே போகும் வளைவு. "இப்ப x³ மாதிரிதான் இருக்கு" என்றான்.

"அந்த ஊசி எங்க போச்சுன்னு பாரு" என்றேன்.

காணவில்லை. x = 33 பக்கத்தில் கிட்டத்தட்ட −18,519 ஆழத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது; ஒரு கோடி அளவுள்ள திரையில் அது மயிரிழைகூட இல்லை. முனையைப் பார்க்கும் ஜன்னலில் நடுப்பகுதி தெரியாது, நடுப்பகுதியைப் பார்க்கும் ஜன்னலில் முனை தெரியாது. ஒரே படத்தில் இரண்டையும் எதிர்பார்ப்பதால்தான் குழப்பமே வருகிறது.

விரிதாளில் ஒரு பொறி

எண்களைப் போட்டுப் பார்க்க நிறையப் பேர் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் திறக்கிறார்கள். A1-இல் 10 வைத்து −x⁴-ஐக் கணக்கிட இப்படித் தட்டுவார்கள்:

```
=-A1^4
```

விடை 10000 என்று வரும், மிகையாக. முனை கீழே போக வேண்டிய கோவை மேலே போவது மாதிரி தெரியும். காரணம், முன்னால் தனியாக நிற்கும் மைனஸை இந்த விரிதாள்கள் எண்ணோடு முதலில் ஒட்டிவிட்டு அப்புறம்தான் அடுக்கைப் பார்க்கின்றன. அதாவது (−10)⁴ ஆகிவிடுகிறது. கணிதத்தில் நாம் எழுதும் −x⁴ வேறு: முதலில் அடுக்கு, பிறகு மைனஸ். இப்படி எழுதினால் பிரச்சினை இல்லை:

```
=-(A1^4)
```

பைத்தானில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே -10**4 என்றால் -10000 என்றே வரும். ஒற்றைப் படியில் இரண்டு வழியும் ஒரே விடை தருவதால் இந்தத் தப்பு ஒளிந்துகொள்ளும். இரட்டைப் படி வரும்போதுதான் மாட்டும்.

இந்த விதி சொல்லாதவை

முனைகள் ஒரே பக்கம் போகின்றன என்பதால் இரண்டு வளைவுகளும் ஒட்டிக்கொண்டு போகின்றன என்று பொருள் இல்லை. x³-க்கும் x³ − 50x²-க்கும் உள்ள இடைவெளி 50x²; அது கூடிக்கொண்டேதான் போகும். 1,000-இல் அந்த இடைவெளி 5 கோடி. 1-ஐ நெருங்குவது இரண்டின் விகிதம்தான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே சாயல், கிட்டப் போய் அளந்தால் எட்டாத இடைவெளி.

நடுவில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்பதையும் முதன்மை உறுப்பு சொல்லாது. ஆனால் ஒன்றிரண்டு விஷயங்கள் இலவசமாகக் கிடைக்கும். ஒற்றைப் படி என்றால் ஒரு முனை மேலேயும் மற்றது கீழேயும் இருப்பதால், நடுவில் எங்காவது ஓரிடத்தில் x அச்சைக் கடந்தே தீர வேண்டும். குறைந்தது ஒரு மெய் மூலமாவது இருக்கும். இரட்டைப் படிக்கு அந்தக் கட்டாயம் இல்லை; x² + 1 அச்சைத் தொடுவதே கிடையாது. படத்திலிருந்து திருப்பிப் படிக்கும்போதும் கவனம் தேவை: இரண்டு முனையும் மேலே என்றால் படி இரட்டை என்றுதான் சொல்லலாம், 2-ஆ 4-ஆ 6-ஆ என்று முனையை வைத்துச் சொல்ல முடியாது. வளைவு எத்தனை முறை திரும்புகிறது என்று எண்ணினால் குறைந்தபட்சப் படி கிடைக்கும்: மூன்று திருப்பம் என்றால் படி 4 அல்லது அதற்கு மேல்.

பல்லுறுப்புக்கோவை இல்லாததற்கு இந்த விதியைக் கொண்டுபோகாதீர்கள். x அடுக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அதாவது 2ˣ மாதிரி வந்தால், எந்தப் படியும் அதன் முன் நிற்காது. x = 2 முதல் 58 வரை x¹⁰ பெரியதாக இருக்கும், 59-இல் 2ˣ அதைத் தாண்டிவிடும், பிறகு x¹⁰ பிடிக்கவே முடியாது.

ஒரு பையனின் உயரம்

கடைசியாக, இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. ஒரு பையனின் உயரம் 2 வயதில் 86 செ.மீ., 6 வயதில் 115, 10 வயதில் 138 என்று வைத்துக்கொள்வோம். மூன்று புள்ளி வழியாக ஓர் இரண்டாம் படிக் கோவை கச்சிதமாகப் போகும். t வயது என்றால்:

```
−0.1875t² + 8.75t + 69.25
```

மூன்று வயதையும் போட்டுப் பாருங்கள், தசமம்கூடப் பிசகாமல் வரும். நடுவில் 8 வயதுக்கு 127.25 என்று சொல்லும், நம்பும்படியான எண். 23 வயது வாக்கில் கிட்டத்தட்ட 171 செ.மீ. என்று உச்சத்தைத் தொடும், அதுவும் பரவாயில்லை. விரிதாளில் போக்குக் கோடு போட்டு இந்த அழகில் மயங்கினவர்கள் அதை அப்படியே வலப்பக்கம் நீட்டுவார்கள். ஆனால் முதன்மை உறுப்பு −0.1875t². கெழு குறை, வலது முனை கீழே. 0.1875 எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும் t நடந்துகொண்டே இருக்கும். 50 வயதில் இந்தக் கோவை சொல்லும் உயரம் 38 செ.மீ. பிறந்த குழந்தையைவிடக் குட்டை. 60 வயதில் மைனஸ் 80.75.

பக்கத்து வீட்டுப் பையனிடம் இதைக் காட்டியதும், "புள்ளி பத்தல மாமா, இன்னொண்ணு சேர்த்தா சரியாகிடும்" என்றான். சரி, சேர்த்தோம்: 14 வயதில் 163 செ.மீ. நான்கு புள்ளிக்கு மூன்றாம் படி வேண்டும். கணக்கிட்டால் முதன்மைக் கெழு 1/48 என்று வருகிறது, மிகை எண். வலது முனை இப்போது மேலே. பழைய மூன்று புள்ளியும் அப்படியே இருக்கின்றன, புதிதும் சரியாகப் பொருந்துகிறது. 50 வயதைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். 1,798 செ.மீ. கிட்டத்தட்ட 18 மீட்டர், நன்றாக வளர்ந்த தென்னை மர உயரம்.